பேரிங் உட்கார வேண்டிய துளை: ஒரே ஒரு சிறிய 3டி பிரின்டரில் பாகம் செய்யும் பொறியியல் மாணவர்களுக்கு

22 மில்லிமீட்டர் பேரிங்குக்கு 22 மில்லிமீட்டர் துளை வரைந்தேன். அச்சாகி வந்த துளையை வெர்னியரில் அளந்தபோது 21.75 காட்டியது. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். பேரிங் பாதி இறங்கியது, அதைப் பிடிக்கவேண்டிய பிளாஸ்டிக் தாங்கி இரண்டாகப் பிளந்தது. அடுத்ததில் துளையைப் பெரிதாக்கினேன். பேரிங் உள்ளே விழுந்து கடகடவென்று ஆடியது. மூன்றாவது சரியாக உட்கார்ந்தது, ஆனால் பெல்ட்டை இழுத்துக் கட்டியதும் அடிப்பகுதி அடுக்கோடு அடுக்காகக் கழன்றுவிட்டது. இதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.

பொம்மை, பூந்தொட்டி செய்ய நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. இன்னொரு உலோகப் பொருளோடு பொருந்தி, சுமை தாங்கவேண்டிய சிறு பாகத்தை, இழையை உருக்கி அடுக்கும் சாதாரண மேசை பிரின்டரில் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்வது 608 பேரிங்கைத் தாங்கும் ஒரு பாகம். ஸ்கேட்டிங் சக்கரங்களில் இருப்பது இதே பேரிங்தான்: உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. மாணவர் புராஜெக்ட்களில் இது அடிக்கடி வரும். நீங்கள் வேறு பாகம் செய்தாலும் வேலையின் வரிசை மாறாது.

## 1. முதலில் இழையை முடிவு செய்யுங்கள்

பழகுவதற்கு பி.எல்.ஏ. இழைதான் எளிது. 200 முதல் 215 டிகிரி செல்சியஸில் அச்சாகும், தட்டில் எளிதாக ஒட்டும், ஓரங்கள் அதிகம் தூக்காது. ஆனால் 60 டிகிரியை நெருங்கினாலே தளர்ந்துவிடும். ஓடிச் சூடான ஸ்டெப்பர் மோட்டாரின் உடலும், வெயிலில் நிறுத்திய காரின் உள்ளேயும் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். மோட்டாரை ஒட்டி வரும் பாகம் என்றால் பி.இ.டி.ஜி. எடுங்கள். அதற்கு, இழை உருகி வெளியே வரும் நாசில் 230 முதல் 250 டிகிரி, தட்டு 70 முதல் 80 டிகிரி வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும். நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். ஆனால் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும், உடைவதற்கு முன் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும்.

ஏ.பி.எஸ். வேண்டாம். மூடிய பெட்டி இல்லாத மலிவான பிரின்டரில் அது சுருங்கி ஓரம் தூக்கும், நாற்றமும் தாங்காது. ஒரு பேரிங் தாங்கிக்கு அந்தப் போராட்டம் தேவையில்லை.

என்னுடைய பேரிங் மோட்டாரிலிருந்து தள்ளி இருந்தது. அதனால் பி.எல்.ஏ. போதுமானதாக இருந்தது.

## 2. வரைவதற்கு முன் பாகத்தை எப்படிப் படுக்கவைப்பது என்று யோசியுங்கள்

நான் பெரிதாகச் சறுக்கியது இங்கேதான். பலரும் பாகத்தை வரைந்து முடித்து, அதை அடுக்குகளாக வெட்டித் தரும் ஸ்லைசர் மென்பொருளில் போட்ட பிறகுதான் எந்தப் பக்கம் கீழே இருக்கவேண்டும் என்று யோசிக்கிறார்கள். அப்போது தாமதமாகிவிடும்.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். அச்சுப் பாகம் அடுக்கின் நீளவாக்கில் உறுதியானது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் பலவீனமானது. மரத்துண்டை நினைத்துக்கொள்ளுங்கள்: நாரின் போக்கில் இழுத்தால் தாங்கும், நாரைப் பிரித்தால் பிளக்கும். அடுத்தது, துளையின் மையக்கோடு செங்குத்தாக இருந்தால்தான் துளை வட்டமாக வரும். துளை பக்கவாட்டில் படுத்திருந்தால் அதன் மேல்வளைவு அந்தரத்தில் அச்சாகி, தொய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். 3 மி.மீ. துளையில் இது பெரிதாகத் தெரியாது. 22 மி.மீ. துளையில் பேரிங் உட்காரவே உட்காராது.

என் முதல் தாங்கி எல் எழுத்து வடிவில் இருந்தது: கீழே ஒரு பலகை, அதன்மேல் நிமிர்ந்த ஒரு சுவர், சுவரில் பேரிங் துளை. இதை மூன்று விதமாகத்தான் படுக்கவைக்க முடியும்.

அடிப்பலகை கீழே இருந்தால், துளை முட்டையாகும். சுவர் அடியில் அடுக்கோடு பிளக்கும். எல் வடிவம் தட்டில் பக்கவாட்டில் படுத்திருந்தால் உறுதி கிடைக்கும், ஆனால் துளை மறுபடியும் முட்டை. சுவர் தட்டில் மல்லாந்திருந்தால் துளை அழகான வட்டம். ஆனால் இப்போது அடிப்பலகை மேல்நோக்கி எழும்புவதால் அது சுவரோடு சேரும் இடம் பலவீனம். எனக்கு மூன்றாவது முறை கழன்றது அந்த இடத்தில்தான்.

எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதோ ஒன்று கெடுகிறது என்றால், அது ஒரே பாகமாக இருக்கக்கூடாது என்று பொருள். நான் இதை ஆய்வக உதவியாளரிடம் கொண்டுபோய்ப் புலம்பியபோது, உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, அதுவே இரண்டாகத்தான் இருக்க ஆசைப்படுகிறது. நீங்கள் ஏன் ஒன்றாக்குகிறீர்கள்?" என்றார்.

அதனால் இரண்டாகப் பிரித்தேன். பேரிங் தகடு தனியாக, 40 x 45 மி.மீ., தடிமன் 10. அடிப்பலகை தனியாக, 60 x 40 மி.மீ., தடிமன் 8. இரண்டும் தட்டில் தட்டையாகப் படுத்து அச்சாகும். பலகையின் அடியிலிருந்து இரண்டு எம்3 திருகுகள் ஏறி, தகடுக்குள் செருகிய நட்டுகளைப் பிடிக்கும். பெல்ட் எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்த விசை தகட்டின் அடுக்குகள் ஓடும் திசையிலேயே போகிறது, அடுக்குகளைப் பிரிப்பதில்லை.

## 3. வரையும்போது விடவேண்டிய இடைவெளிகள்

தகட்டின் 10 மி.மீ. தடிமனில் 7 மி.மீ. பேரிங் குழிக்கு. மீதி 3 மி.மீ. பேரிங் பின்னால் நழுவாமல் பிடிக்கும் விளிம்பு. அந்த விளிம்பின் துளையை 19 மி.மீ. வைத்தேன். இதைச் சிறியதாக்காதீர்கள்: விளிம்பு பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும்தான் தொடவேண்டும். உள்வளையத்தைத் தொட்டால் அச்சுத்தண்டு சுற்றும்போது பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்.

திருகு தாராளமாகப் போய்வர எம்3 துளைக்கு 3.4 மி.மீ. கொடுங்கள். தகட்டில் இந்தத் துளை படுத்த நிலையில் அச்சாவதால் அங்கே மட்டும் 3.6 வைத்தேன். எம்3 நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 5.5 மி.மீ., தடிமன் 2.4. அதற்கான பிளவு 5.8 அகலம், 2.7 தடிமன். பிளவு தகட்டின் முன்முகத்தில், அதாவது அச்சாகும்போது மேல்பக்கம், திறந்திருக்கட்டும். அப்போது தாங்குகால்கள் எதுவும் தேவைப்படாது. நட்டை மேலிருந்து போட்டால் உள்ளே இறங்கி, திரும்பாமல் நிற்கும்.

திருகுத் தலைகள் பலகைக்குள் மறைய 6 மி.மீ. அகலமும் 3.2 மி.மீ. ஆழமும் உள்ள குழிகள் வேண்டும். பலகையை அச்சிடும்போது இந்தக் குழிகள் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள்.

தட்டில் ஒட்டும் வெளிவிளிம்புகள் எல்லாவற்றுக்கும் 0.5 மி.மீ. சாய்வு வெட்டுங்கள். முதல் அடுக்கு நசுங்கி வெளியே பிதுங்கும். யானைக்கால் என்பார்கள். சாய்வு வெட்டியிருந்தால் பிதுங்கல் அதற்குள் அடங்கிவிடும். ஸ்லைசரிலும் இதைத் திருத்தலாம்: PrusaSlicer-இல் `Elephant foot compensation`, Cura-இல் `Initial Layer Horizontal Expansion` (இதில் எதிர்ம மதிப்பு தரவேண்டும்).

## 4. முழுப் பாகத்துக்கு முன் நான்கு வளையங்கள்

அச்சில் துளை ஏன் சிறியதாகிறது? உருகிய இழை வளைவில் திரும்பும்போது உள்பக்கமாக இழுபடுகிறது, ஆறும்போது சுருங்குகிறது. மூன்றாவது காரணம் நம்முடைய தவறு. வரைபடத்திலிருந்து ஸ்லைசருக்குப் போகும் எஸ்.டி.எல். கோப்பில் வட்டமே கிடையாது, பலகோணம்தான் உண்டு. 22 மி.மீ. வட்டத்தை 24 பக்கங்களாக ஏற்றுமதி செய்தால், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே கிட்டத்தட்ட 0.19 மி.மீ. குறைந்துவிடும். என் முதல் தோல்வியில் பெரும்பங்கு இதுதான். ஏற்றுமதி செய்யும்போது வளைவின் நுணுக்கத்தைக் கூட்டிவையுங்கள்.

மீதமுள்ள பிழை ஒவ்வொரு பிரின்டருக்கும், ஒவ்வொரு இழைக்கும் மாறும். எனவே யாரோ சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் பிரின்டரையே கேட்டுவிடுங்கள். OpenSCAD என்ற வரைமென்பொருளில் இதை ஒட்டினால் போதும்:

```
$fn = 180;
d = [22.0, 22.1, 22.2, 22.3];
for (i = [0:3])
  translate([i*36, 0, 0])
    difference() {
      cylinder(d=32, h=4);
      translate([0, 0, -1])
        cylinder(d=d[i], h=6);
    }
```

நான்கு வளையங்களும் சேர்ந்து சுமார் 8 கிராம். தட்டிலிருந்து எடுப்பதற்கு முன்பே பேனாவால் எண்களை எழுதிவிடுங்கள். எடுத்த பிறகு எது 22.1, எது 22.2 என்று கண்ணால் சொல்ல முடியாது. நான் ஒருமுறை நான்கையும் கையில் அள்ளிக்கொண்டுபோய் மேசையில் கொட்டிவிட்டு விழித்தேன்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதல் முறை இழையை மிச்சப்படுத்துவதாக நினைத்து வளையத்தின் சுவரை 2 மி.மீ. வைத்தேன். மெல்லிய வளையம் விரிந்து கொடுத்தது, 22.1-லேயே பேரிங் உள்ளே போனது. அதே அளவை 40 மி.மீ. அகலத் தகட்டில் வைத்தபோது அது விரியவில்லை, பேரிங்கும் போகவில்லை. மேலே உள்ள வளையத்தின் சுவர் 5 மி.மீ.; அதற்குக் கீழே போகாதீர்கள். மற்றொன்று, பேரிங்கை வளையத்தின் மேல்பக்கத்திலிருந்து அழுத்திப் பாருங்கள். கீழ்ப்பக்கம் யானைக்கால் பிதுங்கியிருப்பதால் பொய்யான இறுக்கம் காட்டும். உண்மையான தகட்டில் குழியின் வாய் மேலேதான் இருக்கிறது.

எது சரியான வளையம்? இரண்டு கட்டைவிரல்களால் அழுத்தினால் பேரிங் இறங்கவேண்டும். கவிழ்த்து உதறினால் விழக்கூடாது. உள்வளையத்தை விரலால் சுழற்றினால் வெளியே இருந்தபோது சுற்றியதுபோலவே சுற்றவேண்டும். சுழற்சி கனத்துப் போனால் வளையம் பேரிங்கை நெரிக்கிறது என்று பொருள்; அடுத்த அளவுக்குப் போங்கள். எனக்கு 22.2 சரியாக இருந்தது. அந்த எண்ணை வரைபடத்தில் போட்டேன். ஸ்லைசரில் `Hole Horizontal Expansion` போன்ற திருத்தங்களையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு இடத்தில் திருத்தினால் எது எதைச் செய்தது என்று பிறகு தெரியாது.

## 5. ஸ்லைசரில் தொடவேண்டியவை

நாசில் 0.4 மி.மீ., அடுக்கு உயரம் 0.2. என் அளவுகளில் விளிம்பு 3 மி.மீ. என்பது 15 அடுக்குகள், குழி 7 மி.மீ. என்பது 35 அடுக்குகள். 0.2-இன் மடங்காக வரைந்தால் ஸ்லைசர் உயரத்தை அங்குமிங்கும் சரிக்கட்ட வேண்டியிருக்காது.

உறுதிக்குச் சுவர்களைக் கூட்டுங்கள், உள்நிரப்பை அல்ல. திருகுத் துளை, நட்டுப் பிளவு, பேரிங் குழி எல்லாவற்றையும் சுற்றி ஸ்லைசர் சுவர்களைத்தான் போடும். சுமையும் அங்கேதான் விழும். நான்கு சுவர்கள், 30 சதவீத உள்நிரப்பு போதும். நண்பர்கள் 100 சதவீதம் போடச் சொல்வார்கள். நேரமும் இழையும் ஏறுமே தவிர, இந்தப் பாகத்தில் அதற்கேற்ற பயன் கிடைக்காது.

கோப்பைத் திறந்ததும் பாகத்தின் அளவை ஒருமுறை பாருங்கள். எஸ்.டி.எல். கோப்பு அலகைச் சொல்லாது. அங்குலத்தில் ஏற்றுமதி செய்ததை மில்லிமீட்டராகப் படித்தால் பாகம் 25.4 மடங்கு சிறுத்துக் கடுகுபோல ஒரு மூலையில் கிடக்கும். முடிந்தால் 3எம்எஃப் வடிவில் சேமியுங்கள்; அதில் அலகும் சேர்ந்தே போகும்.

## 6. முதல் அடுக்கு: பக்கத்தில் நின்று பாருங்கள்

பாதியில் கெட்ட அச்சுகளில் பெரும்பாலானவை எனக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே கெட்டிருந்தன. நான்தான் ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தேன்.

தட்டைப் பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவித் துடையுங்கள். பிறகு அதன் மேற்பரப்பை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் இழை ஒட்டாது. தட்டும் நாசிலும் சூடேறிய பிறகே உயரத்தைச் சரிசெய்யுங்கள். குளிர்ந்த நிலையில் செய்தால் சூட்டில் விரிந்து மாறிவிடும். நாசிலுக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு தாளை வைத்து இழுத்தால் லேசாக உரசவேண்டும்.

அச்சு தொடங்கியதும் குனிந்து கோடுகளைப் பாருங்கள். உருண்டையாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், சேமியாபோல் கிடந்தால் நாசில் உயரத்தில் இருக்கிறது. கோடுகள் கண்ணாடிபோல் மெலிந்து, இருபுறமும் வரப்பு எழும்பி, நாசில் அதை உரசிக்கொண்டு போனால் மிகத் தாழ்ந்திருக்கிறது. கோடுகள் லேசாகத் தட்டையாகி, இடைவெளி தெரியாமல் சேர்ந்து, நகத்தால் தடவினால் வழவழப்பாக இருந்தால் சரி. தவறென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று நானும் காத்திருந்து பார்த்திருக்கிறேன், ஆகாது.

நாசிலிலிருந்து பட் பட்டென்று சிறு வெடிப்புச் சத்தம் கேட்டால் இழையில் ஈரம் இருக்கிறது. பி.எல்.ஏ.-வை 45 முதல் 50 டிகிரியில் நான்கைந்து மணிநேரம் உலர்த்துங்கள். வீட்டுச் சமையல் ஓவனில் வேண்டாம். அதன் வெப்பம் குறித்த அளவைத் தாண்டி ஏறும், சுருள் முழுவதும் ஒட்டிக்கொண்டுவிடும். பி.இ.டி.ஜி. அச்சிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது வழவழப்பான தட்டில் அளவுக்குமீறி ஒட்டி, எடுக்கும்போது மேற்பரப்பையே பெயர்த்துவிடக்கூடும். பசைக்குச்சியால் மெல்லிய பூச்சு கொடுத்துவிட்டு அச்சிடுங்கள். இங்கே பசை ஒட்டுவதற்கு அல்ல, பிரிப்பதற்கு.

ஆளில்லாத அறையில் இரவு முழுக்க ஓடவிட்டுப் போகாதீர்கள். உள்ளே 200 டிகிரியில் ஒரு சூடேற்றி இருக்கிறது.

## 7. பொருத்துதல்

தட்டு நன்றாக ஆறிய பிறகு பாகத்தை எடுங்கள். சூட்டில் நெம்பினால் தகடு வளைந்துவிடும், அப்புறம் பலகையில் சமமாக உட்காராது.

நட்டுகளைப் போட்டு, எம்3 x 16 திருகுகளைக் கையால் ஏற்றி, கடைசியில் சாவியால் கால் சுற்று. அதற்குமேல் முறுக்கினால் நட்டு பிளாஸ்டிக்குக்குள் அமிழும். பேரிங்கை அழுத்தும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்துங்கள். ஒரு மரத்துண்டை மேலே வைத்து கிளாம்பால் மெதுவாக இறுக்கினால் நேராக இறங்கும். சுத்தியல் வேண்டாம். அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

## 8. இழை, மின்சாரம், நாட்கள்

தகடும் பலகையும் சேர்ந்து எனக்கு ஏறத்தாழ 25 கிராம். சரியான எடையை ஸ்லைசரே காட்டும். ஒரு சுருளின் விலையை 1000-ஆல் வகுத்து, அந்த எடையால் பெருக்கினால் இழைச் செலவு வந்துவிடும். ஒரு கிலோ சுருளில் இப்படி 40 ஜோடிகள் வரவேண்டும். கணக்குப் போடும்போது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் சுருளில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்கூடைக்குத்தான் போனது. மின்சாரம் பெரிய செலவில்லை: சூடேறிய பிறகு இத்தகைய சிறு பிரின்டர் பி.எல்.ஏ.-வுக்கு மணிக்கு சுமார் 0.1 யூனிட் எடுக்கும்.

நேரம்தான் ஏமாற்றும். பழைய, மெதுவான பிரின்டர் மணிக்குச் சுமார் 10 கிராம் போடும். அப்படியென்றால் இந்த ஜோடிக்கு இரண்டரை மணிநேரம், வளையங்களுக்கு முக்கால் மணிநேரம். புதிய வேக பிரின்டர்கள் இதைப் பாதிக்கும் கீழே கொண்டுவரும். ஆனால் புராஜெக்ட் தேதியைக் கணக்கிடும்போது அச்சு நேரத்தை எண்ணாமல் சுற்றுகளை எண்ணுங்கள். வளையம் ஒரு சுற்று, முதல் ஜோடி ஒரு சுற்று, திருத்திய ஜோடி ஒரு சுற்று. ஒரே பிரின்டரைப் பலர் பகிரும் ஆய்வகத்தில் ஒரு நாளைக்கு ஒரு சுற்றுதான் கிடைக்கும். ஆக மூன்று நாட்கள், கைவசம் இன்னொரு நாள்.

ஒப்படைக்கவேண்டிய ஆவணங்களையும் அச்சு ஓடும்போதே தயாரித்துவிடுங்கள். மூல வரைபடக் கோப்பு, பிறர் திறப்பதற்கு ஸ்டெப் கோப்பு, ஸ்லைசரின் 3எம்எஃப் கோப்பு, அளவுகள் குறித்த ஒரு பக்கப் படம் ஆகியவை போதும். எஸ்.டி.எல். மட்டும் வைத்திருந்தால் ஒரு துளையை மாற்றுவதற்கே திண்டாட வேண்டியிருக்கும். கோப்பின் பெயரிலேயே அளவை எழுதுங்கள்: `plate_v4_22.2_PLA.3mf`. `final_new2` என்று பெயர் வைத்துப் பட்ட பாடு போதும்.

## 9. இரண்டு வாரம் கழித்து ஒரு முறை

இறுக்கமாகப் பொருத்திய பி.எல்.ஏ. தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். அச்சிட்ட அன்று கச்சிதமாக இருந்த பேரிங், சில வாரங்களில் கையோடு வந்துவிடலாம். கண்காட்சிக்கோ மதிப்பீட்டுக்கோ போவதற்கு முந்தைய நாள் அச்சுத்தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மறுபடி அச்சிட நேரம் இருக்காது. பேரிங்கின் வெளிவளையத்தில் மெல்லிய ஒட்டுநாடாவை ஒரு சுற்று சுற்றி மறுபடி அழுத்தினால் அந்த நாள் ஓடிவிடும். நான் இப்போதெல்லாம் முதல் ஜோடி சரியாக வந்ததும், அதே சுருள் பிரின்டரில் இருக்கும்போதே, இரண்டாவது தகடு ஒன்றையும் அச்சிட்டுப் பையில் போட்டுக்கொள்கிறேன்.